கைக்குள் ஒரு ஆலோசகர் – 7: வாரக் குறிப்பில் எழுத வேண்டிய ‘ஏன்’

சுகர், எடை, மூட்டு வலி என்று இன்று பலரும் ஏஐ சாட்டில் கேட்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு சாட், வியாழக்கிழமை புதிதாக இன்னொன்று. புதிய சாட்டுக்குப் பழையதில் பேசியது பெரும்பாலும் தெரியாது. நினைவு வைத்துக்கொள்ளும் வசதி சில செயலிகளில் உண்டு. ஆனால் எதை நினைவில் வைக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பது நம் கையில் முழுதாக இல்லை. அதனால்தான் ஒரே உடம்புக்கு இரண்டு விதமான யோசனை வருகிறது. இதற்கு வழி, வாரம் ஒருமுறை நாமே ஒரு குறிப்பு எழுதி, ஒவ்வொரு புதிய சாட்டிலும் கேள்விக்கு முன்னால் அதை ஒட்டிவிடுவது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 52 வயதுக்காரர். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார். வலது முழங்கால் வலி. எடையைக் குறைக்க வேண்டும். “எடை குறைய என்ன செய்யலாம்?” என்று மட்டும் கேட்டால், 16 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும் விரத முறையைப் பதிலாகப் பெற வாய்ப்பிருக்கிறது. பலருக்கு அது பொருந்தலாம். ஆனால் கிளிமெபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் இருந்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்தப் பயம் குறைவு. ஆகவே “சுகர் மாத்திரை சாப்பிடுகிறேன்” என்று எழுதினால் போதாது. மாத்திரையின் பெயர், அளவு, வேளை மூன்றும் வேண்டும்.

குறிப்பின் மேல்பகுதி அடிக்கடி மாறாதது: வயது, உயரம், நோய்கள், மாத்திரைகள், மருத்துவர் வேண்டாம் என்றவை. கீழ்ப்பகுதி வாரந்தோறும் மாறுவது. அதில் எடையை எழுதும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். காலையில் கழிப்பறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல் தினமும் நிறுத்துப் பாருங்கள். சாட்டுக்குக் கொடுப்பது ஏழு நாள் சராசரியாக இருக்கட்டும். இவருடைய ஒரு வாரம்: 78.9, 78.4, 78.6, 79.6, 79.2, 78.7, 78.3. புதன் இரவு கல்யாண விருந்து. வியாழன் காலை ஒரு கிலோ கூடிவிட்டது. அது கொழுப்பு அல்ல. உப்பும் மாவுச்சத்தும் பிடித்துவைத்த நீரும், வயிற்றில் இருக்கும் உணவும்தான். வியாழக்கிழமை எண்ணை மட்டும் கொடுத்தால் உணவை இன்னும் குறைக்கச் சொல்லும் பதில் வரும். சராசரி 78.8. முந்தைய வாரம் 79.1. போகும் பாதை சரி. இந்தக் கணக்கை நீங்களே போட்டு எழுதுங்கள். சாட் சில நேரம் கூட்டலில் தவறும்.

ஆனால் எண்களைவிட முக்கியமானது, பெரும்பாலோர் எழுதாமல் விடும் ஒரு வரி: என்ன முடிவு எடுத்தோம், ஏன், எதுவரை மாற்றமாட்டோம் என்பது. எண்களை மட்டும் பார்க்கும் புதிய சாட், திட்டத்தை முதலிலிருந்து போட ஆரம்பித்துவிடும். காரணம் எழுதியிருந்தால் அது இருக்கும் திட்டத்தின் மேலேயே பேசும். இவருடைய குறிப்பின் கடைசிப் பகுதி இப்படி:

```
முடிவு: மூன்று வேளையும் சாப்பாடு, விரதம் இல்லை
ஏன்: கிளிமெபிரைடு; சுகர் இறங்கும் அபாயம்
நடை: தினம் 30 நிமிடம், சமதரையில்
ஏன்: முழங்கால்; படி ஏறினால் வலி
எதுவரை: அடுத்த மருத்துவர் சந்திப்பு வரை
```

குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. பழைய வாரங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், எப்போதோ நிறுத்திய மாத்திரை இன்றைய மாத்திரையாகப் படிக்கப்படும். கடைசி நான்கு வாரச் சராசரிகள் தேதியோடு இருந்தால் போதும். பெயர், தொலைபேசி எண், மருத்துவமனை அட்டை எண் வேண்டாம்.

ஒட்டிய பிறகு, என் மருத்துவக் கட்டுப்பாடுகளை முதலில் திருப்பிச் சொல் என்று கேளுங்கள். கிளிமெபிரைடோ முழங்காலோ விடுபட்டிருந்தால் அந்த சாட்டை அங்கேயே மூடிவிடலாம். திருப்பிச் சொல்லிவிட்டும் பத்து வரிக்குப் பின் குதிக்கும் பயிற்சியைப் போடுவதும் நடக்கும். அதனால் பதிலைக் குறிப்போடு வைத்துப் படியுங்கள். மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொன்னால், அதே பக்கத்தை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் சாட்டில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். கை நடுங்கி, வியர்த்து, சுகர் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மீண்டும் குடித்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.