பனியில் கிடந்தவரின் வயது

1991 செப்டம்பர் 19 அன்று, ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையை ஒட்டிய ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணம் போன ஜெர்மானியத் தம்பதியர் உருகும் பனியில் ஓர் ஆணின் உடலைக் கண்டார்கள். அண்மையில் இறந்த மலையேறி என்றே முதலில் நினைத்தார்கள். கூடக் கிடைத்த கோடரியைப் பார்த்த தொல்லியலாளர் கொன்ராட் ஸ்பிண்ட்லர், குறைந்தது 4000 ஆண்டுப் பழமை என்றார். ஓட்சி என்று பெயர் பெற்ற அந்த மனிதரின் காலத்தைச் சொன்னது அவர் உடலில் மிச்சமிருந்த கார்பன்-14.

காற்றின் மேலடுக்கில் காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் இந்தக் கதிரியக்கக் கார்பன், செடிகொடி வழியாக உணவில் சேர்ந்து நம் உடலுக்கும் வருகிறது. உயிருள்ளவரை இழப்பும் வரவும் சமமாகவே இருக்கும். இறந்ததும் வரவு நின்றுவிடும். சிதைவு மட்டும் தொடரும். ஓர் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று உண்டானதற்கும் ஆயிரம் ஆண்டுகளாக இருப்பதற்கும் அடுத்த நொடியில் சிதையும் வாய்ப்பு ஒன்றுதான். ஆனால் கோடிக்கணக்கான அணுக்களைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தவறாது: 5730 ஆண்டுகளில் பாதி போய்விடும், மீதியில் பாதி போக இன்னொரு 5730 ஆண்டுகள் ஆகும். இதுவே அரை ஆயுட்காலம். வெப்பமோ பனியோ அதை மாற்றுவதில்லை.

ஆக்ஸ்போர்டு, சூரிச் ஆய்வகங்கள் ஓட்சியின் எலும்பிலும் திசுவிலும் துளியளவு எடுத்து, அதிலிருந்த கார்பன்-14 அணுக்களை முடுக்கி நிறை நிறமாலைமானியில் எண்ணின. இருக்க வேண்டியதில் 100க்கு ஏறத்தாழ 57 பங்கு மிச்சமிருந்தது. பாதிக்குச் சற்று அதிகம் என்பதால், ஓர் அரை ஆயுட்காலம் இன்னும் முடியவில்லை. கணக்குப் போட்டால் சுமார் 4700 ஆண்டுகள் வரும்.

ஆனால் அந்த விடை தவறு. காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்தது என்று கொண்டதால் வந்த பிழை அது. பூமியின் காந்தப்புலமும் சூரியனின் போக்கும் மாறும்போது அந்த அளவும் மாறும். ஓட்சியின் காலத்தில் அது கூடுதலாக இருந்தது. இதை எப்படி அறிந்தார்கள்? மரத்தில் ஆண்டுக்கு ஒரு வளையம் விழுகிறது. ஒவ்வொரு வளையமும் தன் ஆண்டின் காற்றைப் பதிந்து வைத்திருக்கிறது. வயது தெரிந்த வளையங்களை அளந்து தயாரித்த வரைகோட்டோடு ஒப்பிட்டபோது, ஓட்சி வாழ்ந்தது கி.மு. 3370க்கும் 3100க்கும் இடையில் என்று தெரிந்தது. கோடு அந்தப் பகுதியில் ஏறி இறங்குவதால் இதைவிட நெருங்கிச் சொல்ல முடியவில்லை. ஒற்றை ஆண்டைச் சொல்லாமல் இப்படி இடைவெளியைச் சொல்வதுதான் நேர்மையான விடை.

இந்த முறை சுமார் 50,000 ஆண்டுகள் வரைதான் செல்லும். அதற்குள் 400இல் ஒரு பங்கே மிச்சமிருக்கும். நூற்றில் ஒரு பங்கு புதிய கார்பன் கலந்தாலும் விடை பல ஆயிரம் ஆண்டுகள் பிசகும். ஆகவே டைனோசர் எலும்பின் வயதைக் கார்பனால் கணித்ததாக யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அதற்கு 450 கோடி ஆண்டு அரை ஆயுட்காலம் கொண்ட யுரேனியம்-238 போன்றவை வேண்டும்.