எந்தக் கடனை முதலில் அடைப்பது?

நாலு இடத்தில் கடன் உள்ள வீட்டில் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால், பெரும்பாலும் அது அதிகமாகப் போன் செய்கிறவருக்குத்தான் போகிறது. இல்லையென்றால் சின்னக் கடன் ஒன்றை முடித்து நிம்மதி தேடுகிறோம். எந்தக் கடன் நம் சம்பளத்தை அதிகமாகத் தின்கிறது என்பதற்கும் இந்த இரண்டு வழிகளுக்கும் தொடர்பே இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு தாளும் அரைமணி நேரமும் போதும்.

கணக்குக்காக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள். கிரெடிட் கார்டில் 60,000 ரூபாய் நிலுவை. தெரிந்தவரிடம் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கிய 80,000. பைக் கடனில் இன்னும் 12 தவணை. வங்கியில் நகையை வைத்து வாங்கிய 1,50,000. எல்லாவற்றுக்கும் மாதாமாதம் கட்ட வேண்டியதைக் கட்டி, வீட்டுச் செலவும் போக, இழுத்துப் பிடித்தால் 8,000 ரூபாய் மிஞ்சுகிறது. அந்த 8,000 எங்கே போக வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதல் சிக்கல், இந்த நான்கு கடனும் வட்டியை நான்கு விதமாகச் சொல்கின்றன. கார்டு "மாதம் 3.5 சதவீதம்" என்கிறது. தெரிந்தவர் "மூணு ரூபா வட்டி" என்கிறார். பைக் கடனில் "11 சதவீதம்" என்று எழுதியிருக்கிறது. நகைக்கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம். இப்படியே பார்த்தால் பைக்கும் நகையும் கிட்டத்தட்ட ஒன்று போலத் தெரியும். கார்டும் கைவட்டியும் சின்ன எண்களாகத் தெரியும். இவற்றையெல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் ஒப்பிடவே கூடாது.

மூன்று ரூபாய் வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம். கார்டின் 3.5 சதவீதமும் மாதத்துக்கானதுதான். ஆண்டுக்கு 42 ஆகிறது. அதோடு நிற்பதில்லை. கார்டு வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. அதையும் சேர்த்தால் மாதம் 4.13 சதவீதம், ஆண்டுக்கு ஏறக்குறைய 50. பெரும்பாலான வீடுகளில் இதைவிட விலை உயர்ந்த கடன் இருக்காது.

பைக் கடனில் ஒளிந்திருப்பது வேறு. அந்த 11 சதவீதம் 'ஃப்ளாட்' வட்டி. 90,000 ரூபாய் கடனுக்கு மூன்று ஆண்டு வட்டி 29,700 என்று முதல் நாளே கூட்டி, மொத்தத்தை 36 மாதத்துக்குப் பங்கிட்டு, மாதம் 3,325 என்று தவணை போட்டிருக்கிறார்கள். நாம் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு 90,000-க்கும் போடப்பட்டிருக்கிறது. குறைந்து வரும் அசலுக்குத்தான் வட்டி என்று திருப்பிக் கணக்குப் போட்டால், உண்மையான விகிதம் ஆண்டுக்கு 19.6 சதவீதம் வருகிறது. ஃப்ளாட் வட்டி என்று கேள்விப்பட்டாலே, மூன்று ஆண்டுக் கடனாக இருந்தால், ஏறத்தாழ 1.8-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய ஒரு தாளை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதில் கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதம், அதாவது ஏ.பி.ஆர்., இருக்கும். கடன் அதற்குப் பிறகு வாங்கியது என்றால் அந்த எண்ணையே பார்க்கலாம். கிரெடிட் கார்டுக்கு இந்தத் தாள் கிடையாது.

இன்னொரு எண்ணும் வேண்டும்: இன்றைய தேதியில் மிச்சமுள்ள அசல். "12 தவணை, 3,325 வீதம், ஆக 39,900 பாக்கி" என்று எண்ணுவது தவறு. அதில் இனி வரப்போகும் வட்டியும் சேர்ந்திருக்கிறது. பைக் கடனின் உண்மையான மிச்சம் சுமார் 36,000. நிறுவனத்திடம் கடன் கணக்கு விவரம் கேட்டால் இந்த அசல் தனியாகத் தெரியும்.

இனி அந்த 8,000 ரூபாயை ஒவ்வொரு கடனிலும் வைத்துப் பார்ப்போம். கார்டில் போட்டால் அடுத்த மாத வட்டியில் 330 ரூபாய் குறையும். மூன்று ரூபாய் வட்டியில் போட்டால் 240. பைக் கடனில் 130. நகைக்கடனில் 67. அதே பணம், அதே உழைப்பு. போகும் இடத்தைப் பொறுத்துப் பலன் ஐந்து மடங்கு மாறுகிறது. வரிசை இப்போது தானாகவே விழுந்துவிட்டது: கார்டு, கைவட்டி, பைக், நகை. மிச்ச மூன்றுக்கும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மிஞ்சுவது முழுவதையும் முதல் கடனின் மேல் இறக்க வேண்டும்.

கார்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதுவரை குறைந்தபட்சத் தொகையாக 3,000 கட்டி வந்தார்கள். 60,000-இல் 3,000 போனால் 57,000. அதற்கு வட்டியும் வரியுமாக 2,354 ஏறி, அடுத்த ஸ்டேட்மென்ட் 59,354 என்று வரும். கட்டியது 3,000, குறைந்தது 646. அந்த 3,000-உடன் 8,000-ஐச் சேர்த்து மாதம் 11,000 கட்டினால் ஆறு மாதத்தில் கார்டு முடிகிறது. மொத்த வட்டி சுமார் 6,250. ஒரே நிபந்தனை, இந்த ஆறு மாதமும் அந்தக் கார்டைத் தேய்க்கக் கூடாது. பழைய பாக்கி நிற்கும்வரை வட்டியில்லாக் காலம் கிடையாது. புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பணம் கட்டியும் ஸ்டேட்மென்ட் தொகை கணக்குப்படி இறங்கவில்லை என்றால், யாரோ கார்டைப் பயன்படுத்துகிறார்கள் அல்லது ஏதோ கட்டணம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

ஏழாவது மாதத்திலிருந்து அந்த 11,000, கைவட்டிக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் 2,400-உடன் சேர்கிறது. பதின்மூன்றாவது மாதம் 80,000-உம் தீர்கிறது. பைக் தவணை பன்னிரண்டாவது மாதத்திலேயே தானாக முடிந்திருக்கும். விடுபட்ட தொகை எல்லாம் நகைக்குப் போனால் 22-ஆவது மாதம் நகை வீட்டுக்கு வந்துவிடும்.

சின்னக் கடனை முதலில் முடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அப்படியானால் பைக்கில் தொடங்க வேண்டும். நான்காவது மாதம் அது முடியும். 2,600 ரூபாய் வட்டி மிஞ்சும். ஆனால் அதற்குள் கார்டு எட்டாவது மாதம் வரை இழுத்து, 5,300 ரூபாய் வட்டியைக் கூடுதலாக வாங்கிவிடும். மிஞ்சிய 2,600-உம் முழுதாகக் கைக்கு வராது. நிலையான வட்டியுள்ள வாகனக் கடனை முன்கூட்டியே முடிக்க ஃபோர்குளோஷர் கட்டணம் கேட்பது வழக்கம். மிச்ச அசலில் 4 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், இன்று முடிக்க வரியோடு 1,700 ரூபாய் ஆகும். கடைசி ஆறு தவணை இருக்கும்போது முடித்தால் மிஞ்சும் வட்டி 1,100, கட்டணமோ 890. அந்த நேரத்தில் அவசரப்பட்டு முடிப்பதில் ஒன்றுமில்லை, தவணையாகவே ஓட விடலாம்.

அதற்காக நிலுவையின் அளவைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு கடனின் வட்டி ஓரிரு சதவீதமே வேறுபட்டால் சின்னதை முதலில் முடிப்பதுதான் என் தேர்வு. நட்டம் சொற்பம், ஒரு தவணை முழுதாக விடுபடுவதால், வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ மூச்சுவிட இடம் கிடைக்கும். 50-உம் 20-உம் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் அந்த வாதம் எடுபடாது.

தாளில் போட்ட வரிசை நடைமுறையில் முட்டும் இடம் கைவட்டிதான். வட்டிக்குக் கொடுப்பவர்களில் பலர் அசலைப் பத்துப் பத்தாயிரமாக வாங்க மாட்டார்கள். "கொடுத்தால் மொத்தமாகக் கொடுங்கள், அதுவரை வட்டி போதும்" என்பார்கள். அப்போது மேலே சொன்ன ஏழு மாதக் கணக்கு உடைகிறது. பணத்தைச் சேர்த்து வைக்கும் காலம் முழுவதும் மாதம் 2,400 போய்க்கொண்டே இருக்கும்.

இங்கேதான் நகைக்கடன் உதவுகிறது. தங்கம் விலை ஏறியிருப்பதால், சில ஆண்டுகளுக்கு முன் அடகு வைத்த அதே நகைக்கு வங்கி இன்று கூடுதலாகத் தர வாய்ப்பு உண்டு. மறுமதிப்பீடு செய்து இன்னும் 80,000 கிடைத்தால் அதில் எந்தக் கடனை மாற்றுவது? கார்டுக்குத்தானே வட்டி அதிகம், அதை மாற்றலாம் என்று தோன்றும். ஆனால் கார்டு எப்படியும் ஆறு மாதத்தில் முடிகிறது, அதற்கு நாம் கட்டப்போகும் வட்டி 6,250-தான். கைவட்டியோ முதல் ஆறு மாதம் தொடப்படாமலே காத்திருக்கிறது. அதற்குள் 14,400, தீரும்வரை இன்னும் 9,500, ஆக 24,000 ரூபாய் வட்டி. நிலுவையைப் பார்ப்பதன் உண்மையான பயன் இதில்தான் தெரிகிறது. பெரிய தொகையாக, வரிசையில் நெடுநாள் காத்திருக்கப்போகும் கடனைத்தான் மலிவான இடத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றினால் 2,400 போன இடத்தில் 667 போகும். மாதம் 1,733 ரூபாய் கூடுதலாகக் கார்டின் மேல் இறங்கும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. நகையின் மேல் இப்போது 2,30,000 கடன். நகைக்கடன் பெரும்பாலும் ஓராண்டுத் தவணைக்கு. கெடு தேதியில் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கத் தவறினால் ஏலம் வரை போகும். அந்தத் தேதியை வரிசைத் தாளின் மேலேயே எழுதி வைக்க வேண்டும். கைவட்டிக்காரரிடம் பணம் தரும்போது, கொடுத்திருந்த புரோநோட்டையும் வெற்றுக் காசோலையையும் அங்கேயே திரும்ப வாங்க வேண்டும். வட்டி மீட்டர் வட்டியாகி மிரட்டல் வரை போயிருந்தால், வரிசையெல்லாம் அப்புறம். தமிழ்நாட்டில் 2003-இலிருந்து கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்திலோ மாவட்ட ஆட்சியரிடமோ புகார் கொடுக்கலாம்.

வட்டி விகிதம் மாறினாலும், ஒரு கடன் முடிந்தாலும், போனஸ் வந்தாலும் தாளைத் திரும்ப எடுங்கள். மிச்ச அசலைப் புதிதாக எழுதி, கையில் உள்ள தொகை எந்தக் கடனில் எத்தனை ரூபாய் வட்டியை நிறுத்தும் என்று மறுபடி பெருக்கிப் பாருங்கள்.