இருபத்திரண்டாம் நாள் ஓட்டம்

சென்னையில் 10 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றுக்குத் தயாராகும் 34 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு மூன்று ஓட்டம். செவ்வாய்க்கிழமை 800 மீட்டர் வேக ஓட்டங்கள், வியாழக்கிழமை மெதுவோட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். சுழற்சி பெரும்பாலும் 31 நாள். மாதவிடாய் முடிந்த பிறகு வரும் வியாழக்கிழமையில் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 30 விநாடி என்று ஓடினால், கையிலிருக்கும் வாட்ச் 142 துடிப்பு காட்டுகிறது. அதே பாதை, அதே நேரம், அதே வேகம். ஆனால் சுழற்சியின் 22ஆம் நாளில் 147 காட்டுகிறது. பயிற்சித் திட்டத்தில் “142ஐத் தாண்டாதே” என்று எழுதியிருப்பதால் வேகத்தைக் குறைக்கிறார். 7.50க்கு வந்துவிடுகிறது. இரண்டு வாரத்தில் உடம்பு விட்டுப்போச்சு என்று நினைத்து, அடுத்த செவ்வாயன்று தன்னைத் தண்டிப்பதுபோல் இரண்டு 800 மீட்டர் கூடுதலாக ஓடுகிறார்.

உடம்பு எங்கும் விட்டுப்போகவில்லை. கருமுட்டை வெளிப்பட்ட பிறகு புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. மூளையில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதியில் அது வேலை செய்து, ஓய்வில் இருக்கும்போதே உடல் வெப்பத்தை 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்திவிடுகிறது. வியர்க்கத் தொடங்கும் புள்ளியும் அதோடு சற்று மேலே போகிறது. ஓய்வுநேர இதயத்துடிப்பும் பலருக்குச் சில துடிப்புகள் கூடும். ஆக, ஓட்டத்தின் முதல் அடியை வைக்கும்போதே அவர் கொஞ்சம் சூடாக இருக்கிறார். குளிர்ந்த ஊரில் இது பெரிதாகத் தெரியாது. வியர்வை காயாத சென்னைப் புழுக்கத்தில், முக்கால் மணி நேரம் கடந்த பிறகு, நன்றாகவே தெரியும். வாட்சில் தெரிந்த அந்த ஐந்து துடிப்பில் பெரும்பகுதி இந்தச் சூட்டுக்குரியது.

அதனால் சுழற்சியின் பின்பாதியில் மாற்ற வேண்டியது பயிற்சியை அல்ல, அதை அளக்கும் அளவுகோலை. வியாழக்கிழமை மெதுவோட்டத்தில் வாட்சைப் பார்க்காமல், மூச்சு வாங்காமல் இரண்டு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பார்க்கலாம். முடிந்தால் அது மெதுவோட்டம்தான், 147 காட்டினாலும் சரி. ஞாயிறு ஓட்டம் அந்த வாரங்களில் விழுந்தால் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்பலாம், வழியில் தண்ணீர் குடிக்க ஓர் இடத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். தூரத்தைக் குறைக்கத் தேவையில்லை. 22ஆம் நாளை 9ஆம் நாளோடு ஒப்பிடக் கூடாது. போன சுழற்சியின் 22ஆம் நாளோடு ஒப்பிட வேண்டும். அன்று 149, இன்று 147 என்றால் அவர் முன்னேறியிருக்கிறார்!

ஆனால் செல்போன் செயலிகளும் இன்ஸ்டாகிராம் பயிற்சியாளர்களும் சொல்வது வேறு. நான்கு நிறத்தில் ஒரு வட்டம் வரைந்து, முதல் பாதியில் கனமான எடை தூக்கு, பின்பாதியில் யோகாவும் நடையும் போதும் என்கிறார்கள். பார்க்க அழகான வட்டம்; ஆதாரம் அவ்வளவு அழகாக இல்லை. 2020இல் 78 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, மாதவிடாயின் தொடக்க நாட்களில் உடல் திறன் மிகச் சிறிய அளவில் குறையலாம் என்றது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்பதால் பொது விதி எதுவும் எழுத முடியாது, ஒவ்வொருவருக்கும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றும் அதுவே முடித்தது. எடைப் பயிற்சியைப் பற்றி 2023இல் வந்த மறுஆய்வும் சுழற்சியின் கட்டம் வலிமையை மாற்றுவதாகக் காணவில்லை. பின்பாதி முழுவதும் யோகா மட்டும் செய்கிறவர் வருடத்தில் பாதிப் பயிற்சியை இழக்கிறார், அதுவும் காரணமே இல்லாமல்.

அந்த வட்டத்தில் இன்னொரு ஓட்டை, நாட்களை எண்ணுவதில் இருக்கிறது. கருமுட்டை 14ஆம் நாளில் வெளிப்படும் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. கருமுட்டை வந்ததிலிருந்து அடுத்த மாதவிடாய் வரையான காலம் ஏறக்குறைய இரண்டு வாரமாக நிற்கும்; நீள்வதும் குறுகுவதும் பெரும்பாலும் அதற்கு முந்திய பகுதிதான். நம் ஓட்டக்காரரின் 31 நாள் சுழற்சியில் அது 17ஆம் நாளை ஒட்டி வரும். பரீட்சை, பயணம், காய்ச்சல் வந்த மாதத்தில் இன்னும் தள்ளிப்போகலாம். சில மாதம் கருமுட்டையே வராமல் ரத்தப்போக்கு மட்டும் வருவதும் உண்டு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் வெப்பநிலை எடுத்து எழுதலாம். ஏறி, ஏறியபடியே நின்றால் பின்பாதி தொடங்கிவிட்டது. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரை இடைவெளியில் வரும் ரத்தப்போக்கு இயல்பான சுழற்சியின் மாதவிடாய் அல்ல.

முதல் இரண்டு நாள் வேறு விஷயம். அங்கே சிக்கல் சூடு அல்ல, வலி. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது உருவாகும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்தான் கருப்பையை இறுக்கி வலியைத் தருகிறது. சிலருக்கு அதே பொருளால் வயிற்றுப்போக்கும் வரும். தூக்கமும் கெட்டிருக்கும். இந்த நாட்களில் நம் ஓட்டக்காரர் செய்யக்கூடியது இதுதான்: செவ்வாய் வேக ஓட்டம் முதல் நாளில் விழுந்தால் அதையும் வியாழனையும் இடம் மாற்றிக்கொள்வது. மெதுவாகப் பத்து நிமிடம் ஓடிப் பார்ப்பது, பலருக்கு ஓட்டமே வலியைத் தணிக்கும். பத்து நிமிடத்துக்குப் பிறகும் வலி கூடிக்கொண்டே போனால் வீட்டுக்குத் திரும்புவது. இபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட் போன்ற மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுப்பதால் வலி முற்றும் முன் எடுத்தால் நன்றாகக் கேட்கும். ஆனால் அவற்றைப் போட்டுக்கொண்டு வெயிலில் நீண்ட ஓட்டம் ஓடக் கூடாது. உடலில் நீர் வற்றும்போது அவை சிறுநீரகத்துக்குச் சுமை.

பந்தய நாள் மாதவிடாய் நாளில் விழுந்தால்? 2002 அக்டோபரில் சிகாகோ மாரத்தானில் பவுலா ராட்கிளிஃப் 2 மணி 17 நிமிடம் 18 விநாடியில் உலக சாதனை படைத்தபோது மாதவிடாய் வலியோடுதான் ஓடினார். அதற்காக எல்லாரும் அப்படி ஓடலாம் என்று சொல்ல மாட்டேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சீன நீச்சல் வீராங்கனை ஃபூ யுவான்ஹுய், தொடர் நீச்சல் முடிந்ததும், முந்தின நாள் மாதவிடாய் வந்ததால் சோர்வாக இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். இருவரும் உலகத் தரம். இருவரின் உடம்பும் வேறு. தன் உடம்பு எந்தப் பக்கம் என்பதைத் தன் குறிப்பேட்டிலிருந்துதான் தெரிந்துகொள்ள முடியும்: சுழற்சியின் எத்தனையாவது நாள், தூக்கம், வலி, ஓட்டம் பத்துக்கு எவ்வளவு கடினமாக இருந்தது. மூன்று சுழற்சி எழுதினால் ஒரு வடிவம் தெரியும், அல்லது தனக்கு வடிவமே இல்லை என்பது தெரியும். இரண்டும் பயன்தான்.

அதே குறிப்பேட்டில் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று, ஒன்றிரண்டு மணிக்கொரு முறை நாப்கின் மாற்றும் அளவுக்குப் போக்கு இருந்து, எந்த நாளிலும் ஓட்டம் கனமாகவே இருந்தால், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கக்கூடும். இன்னொன்று, மாதவிடாயே வராமல் போவது. பயிற்சி நன்றாகப் போகிறது, உடம்பு இளைக்கிறது, தொல்லையும் இல்லை என்று சிலர் மகிழ்வார்கள், சில பயிற்சியாளர்களும்தான். கர்ப்பம் இல்லாமல் மூன்று மாதம் வராவிட்டால், உழைக்கிற அளவுக்கு உணவு போதாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியத் தொடங்கும். காலெலும்பில் மயிரிழை விரிசல் வரும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது. அதற்கு முன்பே ஓட்டத்தைக் குறைத்து, சாப்பாட்டைக் கூட்டி, மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு, பிசிஓஎஸ் போன்ற வேறு காரணங்கள் உண்டா என்பதை அவர் பார்த்துச் சொல்வார்.