உதிரும் நூன்

அரபியில் ‘முஹந்திஸூன’ என்றால் பொறியாளர்கள். ‘நிறுவனத்தின் பொறியாளர்கள்’ என்று சொல்லும்போது, இறுதி நூன் உதிர்ந்து ‘முஹந்திஸூ’ மட்டும் நிற்கும். உடைமைப் பெயரான ‘அஷ்ஷரிகத்தி’ அதன்பின் வரும். இருமையிலும் இதே கதைதான்: ‘கிதாபானி’ (இரு நூல்கள்) ‘கிதாபா’ ஆகிவிடும்.

காரணத்தை ஒருமையில் பார்க்கலாம். ‘கிதாபுன்’ என்பதன் கடைசி ‘ன்’ ஒலி தன்வீன். சொல் இங்கே முடிந்தது என்பதற்கு அடையாளம். உடைமைத் தொடரில் அடுத்த பெயர் ஒட்டிக்கொள்வதால் சொல் முடிவதில்லை, தன்வீன் விலகுகிறது. இருமை, பன்மை நூனைத் தன்வீனுக்கு ஈடாக வந்தது என்பார்கள் இலக்கணிகள். அதனால் அதுவும் விலகுகிறது. ஆனால் ‘அல்’ சேர்ந்தால் தன்வீன் போகும், நூன் போகாது: ‘அல்முஹந்திஸூன’. ஆகவே ஈடு என்பது முழு ஒப்புமை அல்ல. உயிர்க்குறிக்கும் சேர்த்தே நூன் ஈடு என்று விளக்குவது இதனால்தான்.

எல்லா நூனும் உதிராது. ‘ஷயாத்தீன்’ (ஷைத்தான்கள்) என்பதில் நூன் வேரெழுத்து. எந்தத் தொடரிலும் நிற்கும்.

பேச்சில் ஒரு சிக்கல் உண்டு. ‘அல்’ தொடரும்போது நெடில் குறுகுவதால் ‘முஹந்திஸூ’வும் ஒருமையான ‘முஹந்திஸு’வும் ஒன்றாகவே ஒலிக்கும். எழுத்தில் வாவ் இருந்தால் பன்மை.