எல்லைப்புற நீதி: மூன்று ஊர்கள்

கௌபாய் படம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது, ஜெய்சங்கர் தொப்பியும் துப்பாக்கியுமாகத் தோன்றிய 'கங்கா' (1972). சென்ற மாதம் விடுதியில் நண்பர்கள் சிலர் கூடி 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) பார்த்தோம். படம் முடிந்ததும், "இது ஜப்பானியப் படத்தைக் களவாடி எடுத்ததுதானே! இதில் என்ன இருக்கிறது?" என்றார் ஒரு நண்பர். களவு உண்மைதான். ஆனால் களவாடியவர் எதை மாற்றினார் என்று பார்த்தீர்களா, என்று கேட்டேன். அந்த வாதத்தின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

முதலில் அமெரிக்கர்கள் தாமே எடுத்த படம் ஒன்றைப் பார்ப்போம். ஃப்ரெட் ஸின்னமன் இயக்கிய 'ஹை நூன்' (1952). நியூ மெக்சிகோ பிரதேசத்தில் ஒரு சிற்றூர். காவல் தலைவன் கேன் அன்றுதான் மணமுடித்துப் பதவியையும் துறந்திருக்கிறான். அவன் பிடித்துக் கொடுத்த கொலைகாரன் மில்லர் தூக்கிலிருந்து தப்பி, மன்னிப்புப் பெற்று, நண்பகல் இரயிலில் வருகிறான். தீர்ப்பளித்த நீதிபதி என்ன செய்கிறார் தெரியுமா? சுவரிலுள்ள கொடியை மடித்து, மேசைமேலுள்ள தராசையும் பைக்குள் திணித்துக்கொண்டு ஊரைவிட்டே போய்விடுகிறார்! தேவாலயத்தில் கூடிய பெரியவர்களோ, தெருவில் துப்பாக்கிச் சண்டை நடந்தால் வடக்கேயிருந்து வரவேண்டிய முதலீடு வராது என்று கணக்குப் பார்க்கிறார்கள். எல்லைப்புற நீதி என்பதன் அடிப்படை இதுவே: தீர்ப்பு தொலைவில் எழுதப்படுகிறது, அதை நிறைவேற்றும் ஆள் ஊரில் தனியாக நிற்கிறான். ஆயினும் இங்கே சட்டம் நல்லது; அதைத் தாங்கும் மனிதர்கள்தாம் கோழைகள். வென்றபின் கேன் தன் சட்டையிலிருந்த நட்சத்திரச் சின்னத்தைக் கழற்றிப் புழுதியில் எறிகிறான்.

ஜான் ஃபோர்டின் படங்களில் மனம் தோய்ந்தவர் அகிரா குரோசவா. அவர் 'யோஜிம்போ' (1961) எடுத்தபோது இந்த ஊரைத் தம் நாட்டில், 1860ஆம் ஆண்டில் வைத்தார். டோக்குகாவா ஆட்சி தேய்ந்துகொண்டிருந்த காலம். தலைவனை இழந்த சாமுராய் ஒருவன் குச்சியை மேலே எறிந்து, அது காட்டிய வழியில் நடந்து அவ்வூரை அடைகிறான். எதிரே வரும் நாயின் வாயில் ஒரு மனிதக் கை! இரண்டு சூதாட்டக் கும்பல்கள். ஒன்றின் பின்னே பட்டு வணிகன், மற்றொன்றின் பின்னே மது வடிப்பவன். ஊர்க் காவலன் ஓடிவந்து, எந்தக் கும்பலிடம் வேலைக்குச் சேரலாம் என்று வந்தவனுக்கு யோசனை கூறித் தனக்குத் தரகும் கேட்கிறான். அரசின் மேலதிகாரி சோதனைக்கு வந்தால் இரு கும்பலும் சண்டையை நிறுத்திவிட்டு விருந்து வைக்கின்றன. அவர் தங்கிக்கொண்டே இருந்தால் வணிகம் கெடுமல்லவா? வேற்றூரில் ஓர் அதிகாரியை ஆள்வைத்துக் கொன்று, இவரை அங்கே போகச் செய்கிறார்கள்! ஆக, இங்கே சட்டம் தொலைவில் இல்லை. வந்து, விருந்துண்டு, போகிறது. நாயகனும் சட்டத்தின் ஆளல்லன். இரு தரப்பாரிடமும் கூலி பேசி, ஒருவரை ஒருவர் அழிக்கச் செய்கிறான். சூதுக் கடனுக்காகப் பிடித்து வைக்கப்பட்ட ஓர் உழவனின் மனைவியை விடுவிக்கும்போது மட்டும் இலாபம் பாராமல் நடக்கிறான். அதற்காகவே அகப்பட்டு உதைபடுகிறான்.

இனி இத்தாலியர் செர்ஜியோ லியோனி. ஸ்பெயினில் படமெடுத்து, கதையை மெக்சிகோ எல்லைக்குக் கொண்டுபோனார். சாமுராயின் இடத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட். வாளுக்குப் பதில் துப்பாக்கி. காட்சிக்குக் காட்சி ஒப்பிடலாம். என் நண்பர் சொன்னது அதைத்தான். ஆனால் ஒரு காட்சியைக் கவனியுங்கள். தன் கோவேறு கழுதையை அச்சுறுத்திய நால்வரை நாயகன் சுட்டு வீழ்த்துகிறான். உடனே பாக்ஸ்டர் என்பவன் வெளியே வந்து, சட்டையிலுள்ள சின்னத்தைக் காட்டி, நான்தான் ஷெரிஃப் என்கிறான். இரண்டு கும்பல்களில் ஒன்றின் தலைவனே அவன்! நாயகன் சற்றும் அசையாமல், அப்படியானால் இப்பிணங்களைப் புதைக்க ஏற்பாடு செய் என்று சொல்லிவிட்டுப் போகிறான். கேன் மனம் நொந்து எறிந்த நட்சத்திரம் இங்கே கும்பல் தலைவனின் நெஞ்சிலேயே குத்தப்பட்டிருக்கிறது. எதிர்க் கும்பலாகிய ரோஹோக்களும் சளைத்தவர்களல்லர். அமெரிக்கப் படையினரின் உடையணிந்து மெக்சிகப் படையினரைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். குரோசவாவிடம் கைக்கூலி வாங்கிய அரசு, லியோனியிடம் வெறும் வேடமாகிவிட்டது.

இறுதிச் சண்டையில் நாயகன் போர்வைக்குள் இரும்புத் தகடு மாட்டிவந்து, வின்செஸ்டர் குண்டுகளை நெஞ்சில் ஏற்று, விழுந்து விழுந்து எழுகிறான். அத்தகைய குண்டு ஏறத்தாழ 13 கிராம். வேகம் வினாடிக்கு 380 மீட்டர் அளவு. 80 கிலோ மனிதனுக்கு அது கொடுக்கக்கூடிய வேகம் வினாடிக்கு ஆறு சென்டிமீட்டர்தான்! விழ வேண்டிய தேவையே இல்லை. அவன் விழுவது இயற்பியலுக்காக அன்று, இசைக்காக.

களவு வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். டோஹோ நிறுவனம் வழக்குத் தொடுத்தது, வெளியே சமரசமாயிற்று. ஜப்பானியருக்கு உலக வசூலில் 15 விழுக்காடும், தம் நாட்டில் அப்படத்தை வெளியிடும் உரிமையும் கிடைத்தன. அமெரிக்காவில் படம் வெளிவந்தது 1967இல்தான்.