உங்கள் ஒழுங்கைக் கான் யாருடைய பொறுப்பு?

மழை விட்டு இரண்டு நாளாகிவிட்டது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் உங்கள் ஒழுங்கையின் வாயில் தண்ணீர் இன்னும் நிற்கிறது. கானுக்குள் பொலித்தீனும் சேறும். ஓர் அலுவலகத்துக்குப் போன் செய்தால் இன்னொன்றைக் கைகாட்டுகிறார்கள். அங்கே கேட்டால் மூன்றாவது ஒன்று. யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்கவேண்டியது.

அது எப்படி? அந்த ஒரே இடத்தில் மூன்று நிறுவனங்களின் வேலை வந்து முட்டுகிறது. காலி வீதி ‘ஏ2’ என்ற தேசிய வீதி, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நகரின் உள்வீதிகளும் மழைநீர்க் கான்களும் கொழும்பு மாநகர சபையின் வேலை. தண்ணீர் கடைசியில் போய்ச்சேரும் பெரிய கால்வாய்களைப் பார்ப்பது இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். மூன்றும் சேரும் விளிம்பில் தேங்கும் சேறு யாருடையது என்று தெளிவாக எழுதி வைக்காவிட்டால் அது அங்கேயே கிடக்கும்.

அப்படி எழுதி வைக்கும் முறைக்குத்தான் செயற்பாட்டுப் பகிர்வு அட்டவணை (ஒரு பொறுப்பைச் சின்னச் சின்ன வேலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எந்த மட்டம் செய்யும் என்று குறிப்பது) என்று பெயர்.

‘சட்டத்தில் இதெல்லாம் பிரித்திருக்கிறதே?’ என்று நீங்கள் கேட்கலாம். பிரித்திருக்கிறது, ஆனால் தலைப்பு அளவில் மட்டும். 1987இல் வந்த 13ஆம் திருத்தம் அரசியலமைப்பில் ஒன்பதாம் அட்டவணையைச் சேர்த்தது. அதில் மூன்று நிரல்கள்: மாகாணத்துக்கு உரியவை ஒன்று, மத்திக்கு ஒதுக்கியவை ஒன்று, இரண்டும் கைவைக்கக்கூடிய ஒருங்கியை நிரல் ஒன்று. உள்ளூராட்சி மாகாண நிரலில் இருக்கிறது. ஆனால் மாநகர சபைகளுக்குச் சட்டம் முன்பே தந்திருந்த அதிகாரங்களை மாகாணம் பறிக்க முடியாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது. கொழும்பின் கான்கள் பற்றிய அதிகாரமோ 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆக, நாற்பது வருட இடைவெளியில், வேறு வேறு நோக்கத்தோடு எழுதிய சட்டங்கள் ஒரே கானின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன.

பிரதேச செயலகம் இதில் எங்கே வருகிறது? பலருக்கும் குழப்பம் இங்கேதான். நம் நாட்டில் இரண்டு ஏணிகள் உண்டு. ஒன்று வாக்குப் போட்டுத் தெரிவாகும் ஏணி: பாராளுமன்றம், மாகாண சபை, மாநகர சபை. மற்றது உத்தியோகத்தர் ஏணி: மாவட்டச் செயலகம் (நாம் கச்சேரி என்பது), பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர். வெள்ளவத்தைக்காரருக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம், கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கொழும்புப் பிரதேச செயலகம். ஆனால் மாநகர சபை இருவருக்கும் ஒன்றே. வதிவிடச் சான்றிதழுக்குக் கிராம உத்தியோகத்தரிடம் போவது சரி. கான் அடைத்ததற்கு அவரிடம் போனால், அவரால் மேலே ஒரு கடிதம் அனுப்பத்தான் முடியும். சேற்றை அள்ள அவரிடம் ஆளும் இல்லை, லொறியும் இல்லை.

சரி, அட்டவணையை எப்படிப் போடுவது? ‘மழைநீர் வடிகால்’ என்ற தலைப்பை எடுத்து நாமே போட்டுப் பார்ப்போம்.

முதல் வேலை திட்டமிடல். எவ்வளவு மழையைத் தாங்கும்படி கட்டுவது, தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்ற கணக்கு இது. கொழும்பின் கால்வாய் வலை கோட்டே, கொலன்னாவை, தெகிவளைப் பக்கங்களோடு பிணைந்தது. தண்ணீர் மாநகர எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. அதனால் இதை மேல் மட்டத்தில் வைப்பதே பொருந்தும். பெரிய கால்வாயைத் தூர்வாருவதும் அப்படியே. அதற்குப் பெரிய இயந்திரம் வேண்டும், ஒரு சபை தன் பங்கை மட்டும் வாரினால் பயனில்லை.

ஒழுங்கைக் கானைத் துப்புரவாக்குவது நேர் எதிர். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும் என்று அந்த வட்டாரத்துத் தொழிலாளிக்குத்தான் தெரியும். அது கீழ் மட்டத்திலேயே, மாநகர சபையிடமே இருக்கவேண்டும்.

நடுவில் இருப்பதுதான் சிக்கலான வேலை. காலி வீதிக்குப் புதுத் தார் போடும்போது வீதியின் மட்டம் உயரலாம். அப்போது ஒழுங்கைக் கானின் வாய் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். வீதிக்காரர் வீதியைச் சரியாகச் செய்தார். கான்காரரும் கானைச் சரியாக வைத்திருந்தார். ஆனால் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. அட்டவணையில் இதற்குத் தனி வரி வேண்டும்: செய்பவர் வீதி அதிகார சபை, மட்டத்தைப் பார்த்துக் கையொப்பமிடுபவர் மாநகரப் பொறியியலாளர். ஒரு வேலைக்குச் செய்பவர் ஒருவர்தான் இருக்கவேண்டும். கலந்துபேச வேண்டியவர் பலர் இருக்கலாம்.

கடமை இரட்டித்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்வி போதும். இதற்கான பணம் யாருடைய வரவுசெலவில் இருக்கிறது? ஆளை அனுப்புவது யார்? செய்யாவிட்டால் பதில் சொல்வது யார்? மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால் நல்லது. பணம் ஓரிடத்திலும் ஆள் இன்னோரிடத்திலும் இருந்தால் அந்தக் கான் அடைத்தே இருக்கும். கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, வேலையைக் கீழே இறக்கியதோடு திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். அதனால்தான் அங்கே பகிர்வுக்கு உயிர் வந்தது. நம்மிடம் நடுப்படியே காலியாகக் கிடந்தது: மேல் மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது, அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை.

ஒரு பெயர்க் குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பெயரில் ‘வடிகால்’ இருப்பதால் பலர் அடைப்புக்கு அங்கே போன் செய்கிறார்கள். கொழும்பு நகருக்குள் குழாயில் வரும் தண்ணீர் அவர்களுடையது. வீட்டிலிருந்து வெளியேறும் கழிவுநீரின் குழாய் வலை மாநகர சபையுடையது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கழிவுநீர் முகத்துவாரத்திலும், தெற்குப் பக்கத்தது வெள்ளவத்தையிலும் கடலுக்குள் போகிறது. தண்ணீர்க் குழாய் வெடித்தால் நீர்வழங்கல் சபை. மலசலகூடக் குழாய் பொங்கினால் மாநகர சபை. டெங்கு நுளம்பு பெருகும் இடமென்றால் மாநகர சபையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்.

நீங்கள் இப்போது என்ன செய்யலாம்? முதலில் எழுத்தில் முறையிடுங்கள். ‘எங்கள் தெருவில்’ என்று பொதுவாக எழுதாமல், சோலைவரிச் சீட்டிலுள்ள வீட்டிலக்கம், கானின் எந்தப் பக்கம், காலி வீதியிலிருந்து எத்தனை அடி, எத்தனை நாளாகத் தண்ணீர் நிற்கிறது என்று எழுதி, படம் ஒன்றும் சேருங்கள். விளிம்பில் உள்ள கான் என்றால் ஒரே கடிதத்தை இரண்டு நிறுவனத்துக்கும் முகவரியிட்டு, இரண்டு பெயரும் தெரியும்படி அனுப்புங்கள். அப்போது ‘அது அவர்களுடையது’ என்ற பதிலை அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லவேண்டி வரும்.

அதற்கும் அசையவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லவேண்டும். ‘ஏன் துப்புரவு செய்யவில்லை?’ என்று கேட்காதீர்கள்; அது முறைப்பாடு, தகவல் அல்ல. இப்படிக் கேளுங்கள்: இந்தக் கான் உங்கள் சொத்துப் பதிவேட்டில் உள்ளதா? கடைசியாக எப்போது துப்புரவு செய்யப்பட்டது? எந்தச் செலவுத் தலைப்பில்? இதே மூன்று கேள்வியையும் மற்ற நிறுவனத்துக்கும் அதே நாளில் அனுப்பி, இரண்டு பதிலையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். இரண்டு பதிவேட்டிலும் அந்தக் கான் இல்லையென்றால், அந்த இரண்டு பதில்களின் பிரதியோடு உங்கள் வட்டார மாநகர சபை உறுப்பினரிடம் போங்கள். சபைக் கூட்டத்தில் அதை எழுப்ப அவருக்கு அதுவே போதுமான கடதாசி.