√2-இல் பூச்சியமாகும் கோவைகள்

x³ − 2x² − 5x + 6 என்ற பல்லுறுப்புக்கோவையில் x இருக்கும் இடத்தில் 3-ஐப் போட்டால் 27 − 18 − 15 + 6, அதாவது பூச்சியம் வருகிறது. உடனே, இந்தக் கோவைக்கு (x − 3) ஒரு காரணி என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். வகுத்துப் பார்த்தால் (x − 3)(x² + x − 2) என்று அது பிரியவும் செய்கிறது.

கல்லூரி இயற்கணிதம் இதே கணக்கைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறது. கோவையை வைத்துக்கொண்டு எண்ணைத் தேட வேண்டாம். எண்ணை நிறுத்திவைத்துவிட்டு, அங்கே பூச்சியமாகும் கோவைகள் எல்லாம் எவை என்று பார்ப்போம்.

x-க்கு 3-ஐப் போடுவது ஒவ்வொரு கோவையையும் ஓர் எண்ணாக மாற்றுகிறது. x + 1 என்பது 4 ஆகிறது. X − 4 என்பது −1 ஆகிறது. இரண்டையும் முதலில் பெருக்கி x² − 3x − 4 என்று ஆக்கி, பிறகு 3-ஐப் போட்டாலும் −4 தான். முன்னால் பெருக்கினாலும் பின்னால் பெருக்கினாலும் விடை மாறுவதில்லை, கூட்டலுக்கும் அப்படியே. இப்படிக் கூட்டலையும் பெருக்கலையும் குலைக்காத மாற்றத்துக்கு ஹோமோமார்பிசம் என்று பெயர். எல்லா மாற்றமும் இப்படி நடந்துகொள்ளாது. வகைக்கெழு காண்பதை எடுத்துக்கொண்டால், x-இன் வகைக்கெழு 1, ஆனால் x பெருக்கல் x-இன் வகைக்கெழு 2x. பெருக்கல் அங்கே உடைந்துவிடுகிறது.

இந்த மாற்றத்தில் பூச்சியமாகிவிடும் கோவைகளின் தொகுப்பே கெர்னல். அதிலுள்ள இரண்டைக் கூட்டினால் மறுபடியும் அதற்குள்ளேயே விழும். அதிலுள்ள ஒன்றை வெளியிலிருக்கும் எந்தக் கோவையால் பெருக்கினாலும், பூச்சியத்தால் பெருக்கியது போலாகி, அதுவும் உள்ளேயே விழும். இந்த இரண்டு குணமும் உள்ள தொகுப்பை ஐடியல் என்கிறார்கள். 1871-இல் இந்தக் கருத்தை வகுத்தவர் ஜெர்மானியக் கணிதர் ரிச்சர்ட் டெடகிண்ட். 3-க்கான ஐடியலில் இருப்பவை (x − 3)-இன் மடங்குகள் மட்டுமே.

அடுத்து √2-ஐ நிறுத்துவோம். கெழுக்கள் விகிதமுறு எண்களாக மட்டுமே இருக்கலாம் என்பது நிபந்தனை. அப்போது x − √2 ஆட்டத்திலேயே இல்லை. x² − 2 இருக்கிறது. அது √2-இல் பூச்சியமாகிறது. அதன் மடங்குகள் தவிர வேறு ஏதாவது தப்பி நிற்குமா?

√2-இல் பூச்சியமாகும் கோவை ஒன்றை x² − 2-ஆல் வகுத்தால் மீதி ax + b என்ற வடிவில் இருக்கும். √2-ஐப் போட்டால் கோவையும் வகுத்தியும் பூச்சியமாவதால், a√2 + b-யும் பூச்சியமாக வேண்டும். a பூச்சியமில்லை என்றால் √2 = −b/a ஆகிவிடும். √2-ஐ அப்படிப் பின்னமாக எழுதவே முடியாது. ஆகவே a-யும் பூச்சியம், b-யும் பூச்சியம், மீதியே இல்லை. x⁴ − x³ − 3x² + 2x + 2 என்பதைச் சோதித்தால், √2-இல் 4 − 2√2 − 6 + 2√2 + 2 என்று பூச்சியமாகிறது. (X² − 2)(x² − x − 1) என்று பிரிகிறது.

இதிலிருந்து எதிர்பாராத ஒன்று கிடைக்கிறது. √2-இல் பூச்சியமாகும் எந்த விகிதமுறு கெழுக் கோவையும் −√2-இலும் பூச்சியமாகியே தீரும், ஏனென்றால் அதற்குள் x² − 2 இருக்கிறது. கெழுக்களாக மெய்யெண்கள் எல்லாவற்றையும் அனுமதித்தால் இந்தக் கட்டாயம் போய்விடும். அப்போது கெர்னல் (x − √2)-இன் மடங்குகளாக மாறிவிடும். புள்ளி அதேதான். கெழுக்களை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதுதான் மாறியது.

π-ஐ நிறுத்தினால்? விகிதமுறு கெழுக்களோடு எந்தக் கோவையை எழுதினாலும், பூச்சியக் கோவையைத் தவிர, π-இல் அது பூச்சியமாகாது. கெர்னல் காலி என்றே சொல்லலாம். இதை 1882-இல் நிறுவியவர் ஃபெர்டினாண்ட் லிண்டெமன். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு, வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைய முடியாது என்பது அதோடு முடிவானது. e என்ற எண்ணுக்கும் கெர்னல் இப்படியே என்று சார்ல்ஸ் எர்மீட் 1873-இலேயே காட்டியிருந்தார்.

ஆனால் e + π-க்கான கெர்னலில் என்ன இருக்கிறது என்பது இன்னும் தெரியவில்லை, eπ-க்கும் தெரியவில்லை. இரண்டு கெர்னல்களிலும் பூச்சியமல்லாத கோவை இருக்க முடியாது என்பது மட்டும் உறுதி. இருந்தால், x² − (e + π)x + eπ என்ற கோவையின் மூலங்களான e-யும் π-யும் ஏதாவதொரு விகிதமுறு கெழுக் கோவையில் அகப்பட்டுக்கொள்ளும். அது எர்மீட்டும் லிண்டெமனும் நிறுவியதற்கு முரண்.